லைன்மேன் தலையில் இருந்த வரைபடம்

தெருவில் மின்சாரம் நின்றால், முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பு முதலில் நடந்தது வாசலில் கூடுவதுதான். எதிர்வீட்டில் இருக்கிறதா, பின்தெருவில் இருக்கிறதா என்று குரல் கொடுத்துக் கேட்பார்கள். எங்கும் இல்லை என்றால் பொதுவாக யாரும் அசையமாட்டார்கள். 'எல்லாருக்கும் போயிருக்கு, தானா வரும்' என்று விசிறியை எடுத்துக்கொள்வார்கள். நமக்கு மட்டும் இல்லை என்றால்தான் ஆபீசுக்கு ஆள் போகும். சைக்கிள் வைத்திருக்கும் பையன் யாராவது பிரிவு அலுவலகத்துக்குப் போய், மேசைமேல் நூல் கட்டித் தொங்கும் பேனாவால் ஒரு நீளப் பதிவேட்டில் எழுதிவிட்டு வருவான். அந்தப் பதிவேட்டுக்கு 'ஃபியூஸ் ஆஃப் கால்' ரிஜிஸ்டர் என்று பெயர். புகார் வந்த நேரம், பெயர், முகவரி, மின் இணைப்பு எண், சரிசெய்த நேரம், கையெழுத்து எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். இணைப்பு எண் கட்டத்தைப் பெரும்பாலும் யாரும் நிரப்பியதில்லை. 'சுப்பையா டீக்கடைக்கு மேல்புறம், மச்சு வீடு' என்று எழுதினால் போதும். லைன்மேனுக்குத் தெரியும்.

அவருக்கு அது மட்டுமா தெரியும்? அந்த மச்சு வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் போகிறது, அந்தக் கம்பம் எந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்தது, போன ஆடியில் எந்தத் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்தது, எந்த வீட்டு கட்அவுட் தளர்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஊரின் மின்கம்பி வரைபடம் காகிதத்தில் இருந்ததோ இல்லையோ, அவர் தலையில் இருந்தது. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்ததிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த வரைபடத்தை நம்பித்தான் பழுதுபார்ப்பு நடந்தது.

இன்று 94987 94987 என்ற எண்ணுக்குக் கூப்பிடுகிறோம். 2021 ஜூனில் தொடங்கப்பட்ட 'மின்னகம்' அது. சென்னை அண்ணா சாலையில் மின்வாரியத் தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், இராமநாதபுரத்துக்காரர் கூப்பிட்டாலும் கூடலூர்க்காரர் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுகிறார். இரவு இரண்டு மணிக்கும் எடுக்கிறார். இதன் அருமை பழைய காலத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு இரவுப் பணியில் இருந்தவர் ரிசீவரைக் கீழே எடுத்து வைத்துவிட்டால் ஊர் முழுக்கக் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியும் கிடையாது. இப்போது எண்ணோடு குறுஞ்செய்தி வருகிறது.

ஆனால் மின்னகத்தில் போனை எடுப்பவருக்கு சுப்பையா டீக்கடை தெரியாது. ஊரில் எத்தனை பிள்ளையார் கோயில் தெரு என்று தெரியாது. உங்கள் வரிசையில் கம்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. லைன்மேன் தலையில் இருந்த வரைபடத்தில் நமக்குரிய துண்டை இன்று நாம்தான் போனில் சொல்லியாக வேண்டும். புகார் கொடுப்பது எளிதாகிவிட்டது. புகாரைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் பழைய லைன்மேனிடமிருந்து நம் தலைக்கு மாறிவிட்டது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

முதலில் சொல்ல வேண்டியது மின் இணைப்பு எண். பலர் இதைக் கட்டணம் கட்டுவதற்கான எண் என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு முகவரி. முன்னால் இருக்கும் இரண்டு இலக்கம் மண்டலம். அடுத்த மூன்று பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று அந்தப் பிரிவுக்குள் எந்தப் பகிர்மானம் என்பது. மிச்சம் இருப்பதுதான் நம் வீட்டுக்கான எண். எண்ணைச் சொன்ன மறுகணம் எந்தப் பிரிவு அலுவலகத்துக்குப் புகாரைத் தள்ள வேண்டும் என்பது திரையில் வந்துவிடுகிறது. எண் இல்லாமல் ஊர் பெயரும் தெருப் பெயரும் மட்டும் சொன்னால், அவர் பட்டியலில் தேடித் தேடி ஒரு பிரிவை ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் புகார் பக்கத்துப் பிரிவுக்குப் போய், அங்கிருப்பவர் 'இது நம்ம ஏரியா இல்லையே' என்று திருப்பி அனுப்பி, அரை மணி நேரம் கரைந்துவிடும். இருட்டில் எண்ணைத் தேடுவதும் லேசல்ல. கட்டணம் கட்டிய குறுஞ்செய்தி போனிலேயே இருக்கும். அதிலிருந்து எடுத்து, அம்மா அப்பா தனியாக இருக்கும் வீட்டு எண்ணையும் சேர்த்து, தொடர்புப் பட்டியலில் ஒரு பெயராகப் போட்டு வைத்துவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் மீட்டருக்குப் பக்கத்தில் பாருங்கள், பெரும்பாலும் பெயிண்டில் எழுதியிருக்கும்.

எண்ணுக்கு அடுத்தது, எங்கெல்லாம் இல்லை என்பது. இதைச் சொல்வதற்கு முன் நாம் இரண்டு நிமிடம் வேலை பார்க்க வேண்டும். முதலில் நம் வீட்டுக்குள். மீட்டர் திரை எரிகிறதா என்று பாருங்கள். மீட்டர் வழக்கம்போல எரிந்து, வீட்டில் மட்டும் இல்லையென்றால், பழுது பெரும்பாலும் நம் பக்கத்தில். எம்.சி.பி. விழுந்திருக்கும், அல்லது கசிவு மின்சாரத்துக்காக வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும். ஈரம் ஏறிய மோட்டாரோ கீசரோ காரணமாக இருக்கலாம். அதற்கு எலெக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், வாரியம் இல்லை. மீட்டரே அணைந்து கிடந்தால் பழுது அவர்கள் பக்கம்.

பிறகு வெளியே வந்து பாருங்கள். அன்றைக்கு வாசலில் கூடி நின்று கேட்டார்களே, அந்தக் கேள்வி இன்றும் அப்படியே செல்லும். இப்போது இன்வெர்ட்டர்கள் வந்து அதைக் கெடுத்துவிட்டன என்பதுதான் வித்தியாசம். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது என்பதால் அவர்களுக்கு மின்சாரம் இருக்கிறது என்று ஆகாது. தட்டித்தான் கேட்க வேண்டும். என் வீட்டில் மட்டுமா, பக்கத்து வீட்டில் உண்டா, தெரு முழுக்கவா, பக்கத்துத் தெருவுமா? தெருவிளக்கு எரிகிறதா? இந்தப் பதில்களிலிருந்து அனுபவமுள்ள ஒயர்மேன் பழுது எங்கே என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

காரணம் இதுதான். துணை மின்நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் ஃபீடர் புறப்பட்டு வருகிறது. சில பகுதிகளில் 22,000. வழியெங்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் மூன்று ஃபேஸ் கம்பியும் ஒரு நியூட்ரலும் தெருவுக்குள் இறங்குகின்றன. தெருவிளக்குக்கு அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தனிக் கம்பி. ஒரு ஃபேஸ் கொண்ட வீடுகளை அந்த மூன்று கம்பிகளில் மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஆக, ஊரே இருண்டால் ஃபீடர். ஒரு தெருவும் அதன் தெருவிளக்கும் மட்டும் இருண்டு அடுத்த தெரு எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று சிதறிப் போயிருந்தால் ஒரு ஃபேஸின் ஃபியூஸ். ஒரே ஒரு வீடு என்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் அல்லது வீட்டு கட்அவுட். சென்னையில் கேபிள் மண்ணுக்கடியில் போகும் பகுதிகளில் கம்பத்துக்குப் பதிலாகத் தெருமுனையில் நிற்கும் பில்லர் பாக்ஸைச் சொல்ல வேண்டும்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர், மே மாதம், இரவு 10.10. எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருண்டுவிட்டன. ஒருவர் மின்னகத்துக்குக் கூப்பிடுகிறார்.

"கரண்ட் இல்லைங்க. பிள்ளையார் கோயில் தெரு. பத்து நிமிஷமா இல்ல."

"சர்வீஸ் நம்பர் சொல்லுங்க சார்."

"அதெல்லாம் ஞாபகம் இல்லைங்க. தெரு முழுக்க இல்ல. சீக்கிரம் அனுப்புங்க."

தெரு முழுக்க இல்லை என்பது அவர் பார்த்துச் சொன்னதல்ல, கோபத்தில் வந்தது. அடுத்த வீட்டு அம்மா வெளியே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்.

"வணக்கம்மா. சர்வீஸ் நம்பர் எழுதிக்கங்க." பார்த்துச் சொல்கிறார். "பத்து பத்துக்குப் போச்சு. எங்க வரிசையில என் வீடு, நாலாவது வீடு, ஏழாவது வீடு இல்ல. நடுவுல இருக்கிற வீடுகள்ல இருக்கு. தெருவிளக்கு எரியுது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு. அதுல மாரியம்மன் கோயில் எஸ்.எஸ்.2ன்னு எழுதியிருக்கு. லைன் எதுவும் அறுந்து விழல."

"சரிங்கம்மா. லேண்ட்மார்க்?"

"ரேஷன் கடைக்கு எதிர்ல. இந்த நம்பர்லயே என்னைக் கூப்பிடலாம்."

முதல் புகாரை வைத்துக்கொண்டு ஒயர்மேன் கிளம்பினால், ஊரிலுள்ள பிள்ளையார் கோயில் தெருக்களில் சரியானதைக் கண்டுபிடித்து, கூப்பிட்டவர் வீட்டுக்குப் போய் கட்அவுட்டைத் திறந்து பார்த்து, கம்பம் கம்பமாக நடந்து, கடைசியில்தான் டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேருவார். இரண்டாவது புகார் அவரை நேராக டிரான்ஸ்ஃபார்மரடிக்கு அனுப்பிவிடுகிறது, கையில் ஃபியூஸ் ஒயரோடு. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் அல்லது அதைத் தாங்கும் கம்பத்தில் அதன் பெயரும் 100, 250 என்று கே.வி.ஏ. அளவும் பெயிண்டால் எழுதியிருக்கும். பகலில் ஒரு தரம் நடந்து போய்ப் படித்து வைத்துக்கொண்டால் அது பல வருடத்துக்கு உதவும். கிட்டே போகாமல் படிக்க வேண்டும்.

இனி அந்த இரவின் கணக்கைப் பாருங்கள். 10.20க்குப் புகார் பதிவு. ஐந்து நிமிடத்தில் பிரிவு அலுவலகத்துக்கும் பணியிலிருப்பவர் போனுக்கும் போய்விடும். இங்கேதான் இன்றைய வேகம் முடிகிறது. அந்த ஒயர்மேன் வேறொரு தெருவில் ஏணியில் நிற்கிறார். அதை முடிக்க 10.50. நம் டிரான்ஸ்ஃபார்மருக்கு வர 11.05. ஏ.பி. ஸ்விட்சைத் திறக்கிறார், அதுவரை எரிந்துகொண்டிருந்த வீடுகளும் இருண்டுவிடுகின்றன. அந்த வீட்டுக்காரர்கள் உடனே மின்னகத்துக்குக் கூப்பிட வேண்டாம். கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, உருகிய ஃபியூஸை எடுத்து, புது ஒயர் கட்டி, ஸ்விட்சைப் போடுகிறார். 11.20. ஆக ஒரு மணி பத்து நிமிடம். கையால் செய்த வேலை அதில் கால் மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பும் பயணமும். கள ஊழியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று தொழிற்சங்கங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருவது இந்த மிச்ச நேரத்தைத்தான் குறிக்கிறது. போனை எடுக்க ஆளைக் கூட்டியாயிற்று. ஏணியில் ஏறும் ஆளைக் கூட்டவில்லை என்பது என் புகார்.

போட்ட ஃபியூஸ் நிலைக்கிறதா என்பது அடுத்த செய்தி. போட்ட நொடியே மறுபடி போனால் லைனில் எங்கோ கம்பி கம்பியோடு உரசுகிறது; மரக்கிளை, பட்டத்து நூல், காக்கைக் கூட்டுக் கம்பி ஏதாவது இருக்கும். அதைத் தேடித்தான் ஆக வேண்டும். அரை மணி ஒரு மணி தாங்கிப் போனால் சுமை அதிகம். அந்த ஃபேஸில் ஏ.சி.க்கள் மிகுந்துவிட்டன. ஆகவே இரண்டாவது தரம் கூப்பிடுகிறவர் 'திரும்பவும் போச்சு' என்று நிறுத்தாமல், 'பதினொண்ணு இருபதுக்கு வந்துச்சு, பன்னிரண்டு பத்துக்குப் போச்சு' என்று நேரத்தோடு சொன்னால் அதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். பழைய புகார் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுமைதான் காரணமென்றால் அன்றிரவு தெருவே இரண்டு ஏ.சி.யை அணைப்பதுதான் வைத்தியம். சுமையை வேறு ஃபேஸுக்கு மாற்றுவதும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும் பிறகு பகலில் நடக்கும் வேலை.

இரண்டு புகார்களுக்கு மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் வேண்டாம். எடுத்ததும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று, கம்பி அறுந்து தரையிலோ தேங்கிய தண்ணீரிலோ கிடப்பது. அறுந்த கம்பியில் மின்சாரம் நின்றிருக்கும் என்று நம்பக் கூடாது. காய்ந்த மண்ணில் விழுந்த கம்பியிலிருந்து போதிய மின்சாரம் தரைக்குள் இறங்காததால் துணை மின்நிலையத்து ரிலே அதை உணராமலே போகலாம். 'கம்பி அறுந்து ரோட்டுல கிடக்கு' என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும், இடம் இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. ஒருவர் பேச, மற்றவர்கள் அந்த வழியில் ஆள், மாடு, வண்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் புகார் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருக்காது. முதலில் லைனை நிறுத்துவார்கள்.

இன்னொன்றை மின்தடை என்றே பலர் எண்ணுவதில்லை. உங்கள் வீட்டில் விளக்குக் கண்ணைக் கூசும்படி எரிகிறது, ஃபேன் பறக்கிறது. பக்கத்து வீட்டில் மங்கி அழுகிறது. நியூட்ரல் கம்பி விட்டுப்போனதன் அடையாளம் இது. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 300க்கு மேலும் ஏறலாம். உடனே மெயினை அணைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள். 'வோல்டேஜ் சரியில்ல' என்று சொன்னால் சாதாரண வரிசையில் நிற்கும். 'சில வீட்ல ஏறுது, சில வீட்ல இறங்குது, நியூட்ரல் போயிருக்கும்னு தோணுது' என்று சொன்னால் ஓடி வருவார்கள். டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரு தெரு முழுக்க எரிந்துபோவது இப்படித்தான்.

சரி, எப்போது வரும்? அன்றும் இன்றும் மாறாத கேள்வி இது. அன்றைக்குப் பதில் 'ஆள் போயிருக்காங்க'. இன்றைக்குப் பதில் 'ஒரு மணி நேரத்துல வந்துடும் சார்'. இரண்டுமே பதில் இல்லை. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை நேரம் சொல்லவே முடியாது. சொன்னால் அது ஆறுதல். அதனால் 'எப்ப வரும்' என்பதைவிட 'பழுது என்னன்னு தெரிஞ்சுதா' என்று கேட்பது நல்லது. தெரியவில்லை என்றால் இன்னும் தேடுகிறார்கள், இன்வெர்ட்டரை மிச்சப்படுத்துங்கள். தெரிந்துவிட்டது என்றால் அந்தப் பழுதின் பெயரே நேரத்தைச் சொல்லிவிடும்.

ஃபீடர் விழுந்து, கிளை உரசியதுபோலக் கணநேரக் காரணமாக இருந்தால், மின்நிலையத்திலிருந்து திரும்பப் போட்டதும் நிலைத்துவிடும், சில நிமிடம். நிலைக்கவில்லை என்றால் லைன் நெடுக நடந்து தேட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வயல்வெளி வழியாகப் போகும் கிராமத்து ஃபீடரில் இன்னும் கூடும். டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் ஒரு மணி, இரண்டு மணி. ஒரு வீட்டுப் பழுது சிறியதாக இருந்தும் அதிகம் காத்திருக்கும், ஏனென்றால் நூறு வீட்டுப் பழுதைத்தான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் மழையில் போனால் காலைவரை பொறுக்கும் மனதோடு இருங்கள். கம்பம் முறிந்தால் ஏறக்குறைய ஒரு பகல். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால், மாற்று கையிருப்பில் இருந்து லாரியும் வந்துவிட்டால் ஒரு நாள், இல்லையென்றால் இரண்டு. புதைகேபிள் கோளாறு இவற்றில் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாத பழுதைக் கருவி வைத்துத் தேடி, ரோட்டைத் தோண்டி, இணைப்புப் போட வேண்டும். வேறு பில்லர் பாக்ஸிலிருந்து தற்காலிகமாகக் கொடுக்க வழி இருந்தால் சில மணி நேரத்தில் வெளிச்சம் வரும்; வழி இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள். இவையெல்லாம் நடைமுறையைப் பார்த்துச் சொல்லும் உத்தேசங்கள்தாம். சட்டத்தின் கெடு வேறு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் கொண்டுவந்த பகிர்மானச் செயல்திறன் விதிமுறைகள் பழுதின் வகைக்கேற்ப நேரம் குறித்து, தாண்டினால் இழப்பீடும் வைத்திருக்கின்றன.

கூப்பிடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை, சில ஊர்களில் ஐந்து மணிவரை நிறுத்துவார்கள். முன்பு நாளிதழின் உள்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் அது வரும். இப்போது வாரிய இணையதளத்திலும் இருக்கிறது. காலை ஒன்பதடித்ததும் நின்ற மின்சாரத்துக்குப் புகார் கொடுத்துப் பலன் இல்லை. சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் வரவில்லை என்றால் கூப்பிடலாம்.

மழையும் இடியுமான இரவில் தாமதம் ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் திட்டு முழுக்க அந்த இரவில்தான் விழுகிறது. ஈரக் கம்பத்தில் இடி முழங்கும்போது ஏறக்கூடாது. உயரழுத்தக் கம்பியில் கை வைக்க வேண்டுமானால் மின்நிலையத்திலிருந்து 'எல்.சி.' என்னும் லைன் கிளியர் வாங்கி, நிறுத்தியதை உறுதி செய்து, கம்பியைத் தரையோடு பிணைத்த பிறகே தொட வேண்டும். அந்தப் பத்து இருபது நிமிடத்தைச் சோம்பல் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சுருக்கப்போய்ச் செத்தவர்களின் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. நம் பங்கும் ஒன்று உண்டு: மாற்றுச் சுவிட்ச் வைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் நேராகச் செருகுவது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பியைப் பிடித்திருப்பவரிடம் போய்ச் சேரும்.

புயல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைத் தாக்கியபோது நகரத்திலேயே பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளடங்கிய ஊர்களுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அங்கே பழுதுபார்ப்பு என்று சொல்வதற்கில்லை, புதிதாகக் கட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வேறு விதம். லைன் நன்றாக இருந்த தெருக்களிலும் தண்ணீரில் பில்லர் பாக்ஸ் மூழ்கிக் கிடந்ததால் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் 'ஏன் இன்னும் கொடுக்கல' என்று கேட்பதைவிட, 'எங்க தெருவுல தண்ணி வடிஞ்சிடுச்சு, பில்லர் பாக்ஸ் வெளியில தெரியுது' என்று சொல்வதுதான் அவர்களுக்கு வேண்டிய செய்தி. இன்னும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்; அவசரப்பட்டுக் கொடுத்துவிடாமல் இருப்பார்கள்.

புயலுக்குப் பிறகு முதலில் ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், பிறகு ஃபீடர், பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் தனி வீடுகள் என்று இறங்கி வருவார்கள். இங்கே ஒரு சிக்கல். டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் வந்ததும் அந்தப் பகுதிப் புகார்களை மொத்தமாக 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டு சர்வீஸ் ஒயர் அறுந்து கிடப்பது யாருக்கும் தெரியாது. முடிந்தது என்று குறுஞ்செய்தி வரும், வீடு இருட்டாகவே இருக்கும். கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள்கணக்கில் உட்கார வேண்டியதுதான். மறுபடி கூப்பிட்டு, 'தெருவுக்கு வந்துடுச்சு, என் வீட்டுக்கு மட்டும் வரல, புதுப் புகாரா எடுத்துக்கங்க' என்று சொல்ல வேண்டும். பழைய ரிஜிஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு. லைன்மேன் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்ப்பார், அல்லது போட்டுப் பார்க்கச் சொல்லிக் குரல் கொடுப்பார். இன்றைய ஏற்பாட்டில் இந்த ஒரு கேள்வியைத் திரும்பக் கொண்டுவரலாம்: புகாரை முடிக்கும் முன் கொடுத்தவரை ஒரு தரம் கூப்பிட்டு 'வந்துடுச்சா' என்று கேட்பது.

2010இல் வாரியம் டான்ஜெட்கோ ஆனது. 2024இல் அதையும் பிரித்ததில் பகிர்மானம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்குப் போனது. பெயர்ப்பலகை எத்தனை தரம் மாறினாலும் புகார் எண்ணின் மதிப்பு மாறாது. கெடு தாண்டிய மின்தடைக்கு இழப்பீடு கேட்கவும், எரிந்த டி.வி.க்காக வழக்காடவும், தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று மனுக் கொடுக்கவும் அதுதான் சாட்சி. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். அங்கே போகிறவரிடம் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் புகார் கொடுத்தீர்கள், எண் என்ன என்பதுதான். வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.